பங்கு 30% விழுந்தால், வட்டி 2% ஏறினால், ரூபாய் 10% சரிந்தால்: மூன்றையும் கூட்டினால் போதுமா?

கேள்வி: "என்னிடம் ஒரு கோடி ரூபாய் முதலீடு இருக்கிறது. நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் 40 லட்சம், மிட்கேப் ஃபண்டில் 10, கில்ட் ஃபண்டில் 25, லிக்விட் ஃபண்டில் 5, அமெரிக்க எஸ்&பி 500 ஃபண்டில் 20. பங்கு −30%, வட்டி +2%, டாலர் +10% என்று வைத்து ஸ்ட்ரெஸ் டெஸ்ட் செய்யச் சொன்னார்கள். தனித்தனியாகக் கணக்குப் போட்டு நஷ்டங்களைக் கூட்டினால் சரியா? எக்ஸலில் முடியுமா? அடுத்த இரண்டு வருடத்தில் மகளின் அமெரிக்கப் படிப்புக்கு 60,000 டாலர் கட்ட வேண்டும், அதையும் இதில் சேர்க்க வேண்டுமா?"

எக்ஸலில் தாராளமாக முடியும், ஒரே வரி ஃபார்முலா போதும். கூட்டுவது ஏறக்குறைய சரி, ஆனால் முழுக்கச் சரியல்ல. கடைசியில் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்களே, படிப்புச் செலவு, அதுதான் இந்தக் கணக்கின் மையம். அதைச் சேர்க்காமல் செய்தால் வரும் விடை உங்களை ஏமாற்றிவிடும். வங்கியின் கருவூலப் பிரிவில் ரிஸ்க் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சொத்தை மட்டும் பார்த்து, கொடுக்க வேண்டியதை விட்டுவிடும் ஸ்ட்ரெஸ் டெஸ்டை எந்த வங்கியிலும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். குடும்பத்துக்கும் அதே நியாயம்தான்.

முதலில் தனித்தனி அதிர்ச்சிகள். பங்கு 30% விழுந்தால் நிஃப்டி ஃபண்டில் 12 லட்சம் போகும். மிட்கேப் ஃபண்டுக்கும் அதே 30% போடக் கூடாது. சந்தை விழும்போது மிட்கேப் பொதுவாக நிஃப்டியைவிடக் கூடுதலாக விழும், அதனால் பீட்டா 1.2 என்று வைத்து 36% எடுக்கிறேன், 3.6 லட்சம். இந்த 1.2 என்பது என் தேர்வு, இயற்கை விதி அல்ல. 1.3 போட்டாலும் நான் சண்டைக்கு வர மாட்டேன். அமெரிக்க ஃபண்டுக்கும் 30% என்றால் 6 லட்சம். ஆக மொத்தம் 21.6 லட்சம்.

வட்டிக்கு வருவோம். அரசுப் பத்திரங்களில் போடும் கில்ட் ஃபண்டின் மாதாந்திர ஃபாக்ட்ஷீட்டில் மூன்று எண்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்: சராசரி முதிர்வு, மெக்காலே டூரேஷன், மாடிஃபைட் டூரேஷன். உங்களுக்கு வேண்டியது மூன்றாவது, வட்டி 1% மாறினால் விலை எத்தனை சதவீதம் மாறும் என்று சொல்வது அதுதான். சராசரி முதிர்வு 14 ஆண்டு இருக்கும் ஃபண்டின் மாடிஃபைட் டூரேஷன் 8 வாக்கில்தான் இருக்கும். தவறான கட்டத்திலிருந்து எண்ணை எடுத்தால் நஷ்டம் ஒன்றே முக்கால் மடங்காகத் தெரியும். உங்கள் ஃபண்டுக்கு 8 என்று வைத்துக்கொள்கிறேன். வட்டி 2% ஏறினால் விலை 8 × 2 = 16% இறங்கும் என்பது முதல் தோராயம். ஆனால் பத்திர விலையும் வட்டியும் நேர்கோட்டில் நகர்வதில்லை. வட்டி ஏற ஏற விலை இறங்கும் வேகம் குறையும். அந்த வளைவுக்குத்தான் கான்வெக்சிட்டி என்று பெயர். இந்த மாதிரி ஃபண்டுக்கு அது சுமார் 90 இருக்கலாம். அரைப் பங்கு கான்வெக்சிட்டியை வட்டி மாற்றத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் 1.8% திரும்பக் கிடைக்கிறது. ஆக நஷ்டம் 14.2%, அதாவது 3.55 லட்சம். கான்வெக்சிட்டி பெரும்பாலும் ஃபாக்ட்ஷீட்டில் இருக்காது. தெரியவில்லை என்றால் பூஜ்யம் போடுங்கள். வட்டி ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி, விடை கொஞ்சம் மோசமாகவே வரும், அதில் ஆபத்தில்லை. லிக்விட் ஃபண்டின் டூரேஷன் 0.1 அளவில்தான், நஷ்டம் ஆயிரம் ரூபாய்.

இங்கே ஒரு பிழையை அடிக்கடி பார்க்கிறேன். "வட்டி 2% ஏறுகிறது" என்றால் 7% என்பது 9% ஆகிறது, அதாவது 200 பேசிஸ் பாயின்ட். சிலர் ஷீட்டில் 7-ஐ 1.02-ஆல் பெருக்கி 7.14 என்று வைத்துவிடுகிறார்கள். கில்ட் நஷ்டம் 14 சதவீதத்துக்குப் பதிலாக ஒரு சதவீதத்தை ஒட்டி வந்தால் இதுதான் காரணம்.

நாணயத்தில் ரூபாய் சரிவதா, டாலர் ஏறுவதா என்று ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். டாலர் 90 ரூபாய் என்று வைத்தால், டாலர் 10% ஏறினால் 99. ரூபாயின் மதிப்பு 10% குறைந்தால் 100. சின்ன வித்தியாசம்தான், ஆனால் ஒரே ஷீட்டில் இரண்டும் கலந்தால் விடை பிசகும். நான் டாலர் ஏறுவதையே எடுக்கிறேன். அமெரிக்க ஃபண்ட் 20 லட்சம் 22 ஆகிறது, 2 லட்சம் லாபம். இந்தியாவில் விற்கும் இத்தகைய ஃபண்டுகள் பொதுவாக நாணய ஏற்ற இறக்கத்துக்கு ஹெட்ஜ் செய்வதில்லை, அதனால் முழு 10 சதவீதமும் உங்களுக்கு வந்து சேரும்.

இப்போது கூட்டிப் பார்த்தால் 21.6 + 3.56 − 2 = 23.16 லட்சம் நஷ்டம். சரியான விடை 23.76. அந்த 60,000 ரூபாய் எங்கே போனது? அமெரிக்க ஃபண்டில் இரண்டு அதிர்ச்சிகள் ஒரே பணத்தின் மீது விழுகின்றன. 20 லட்சம் முதலில் 30% குறைந்து 14 ஆகிறது. டாலர் ஏற்றம் அந்த 14-க்குத்தான் கிடைக்கும், 20-க்கு அல்ல. கிடைப்பது 1.4 லட்சம், நீங்கள் எண்ணியது 2. ஆகவே ஒரே முதலீட்டுக்குள் பெருக்க வேண்டும், வெவ்வேறு முதலீடுகளுக்கு இடையில் கூட்டலாம். இந்த உதாரணத்தில் வித்தியாசம் சிறியது. அதிர்ச்சியைப் பெரிதாக்கினால் அதுவும் பெரிதாகும்.

ஷீட்டில் B நெடுவரிசையில் தொகை, C-யில் பங்கு பீட்டா, D-யில் மாடிஃபைட் டூரேஷன், E-யில் கான்வெக்சிட்டி, F-இல் டாலர் என்றால் 1, ரூபாய் என்றால் 0. மேலே H1-இல் பங்கு அதிர்ச்சி (-0.30), H2-இல் வட்டி (0.02), H3-இல் டாலர் (0.10). ஒவ்வொரு வரியின் லாப நஷ்டத்துக்கும் இது போதும்:

```
=B2*((1+C2*$H$1)*(1-D2*$H$2+0.5*E2*$H$2^2)*(1+F2*$H$3)-1)
```

கீழே இழுத்துக் கூட்டிக்கொள்ளுங்கள். H1, H2, H3 மூன்றையும் பூஜ்யமாக்கினால் மொத்தமும் பூஜ்யமாக வர வேண்டும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் நான் மேலே சொன்ன தனித்தனி எண்கள் வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு கட்டத்தில் கூட்டல், கழித்தல் குறி மாறியிருக்கிறது. H2-இல் இருப்பது இந்திய வட்டி என்பதையும் மறக்க வேண்டாம். டாலர் பத்திரம் ஏதாவது வைத்திருந்தால் அதற்கு D, E இரண்டிலும் பூஜ்யம் போட்டுவிட்டு, அமெரிக்க வட்டிக்குத் தனி நெடுவரிசை வையுங்கள்.

இனி மகளின் படிப்பு. 60,000 டாலர், 90 ரூபாய் வீதம் 54 லட்சம். இதை அதே ஷீட்டில் இன்னொரு வரியாகச் சேருங்கள்: B-யில் −54, F-இல் 1, மற்றவை பூஜ்யம். அவ்வளவுதான், ஆனால் படமே மாறிவிடுகிறது. சொத்தை மட்டும் பார்த்தபோது டாலர் ஏற்றம் உங்களுக்கு 2 லட்சம் லாபம். கட்ட வேண்டியதைச் சேர்த்தால் அமெரிக்க ஃபண்டில் 2 லட்சம் ஏறுகிறது, ஃபீஸில் 5.4 லட்சம் ஏறுகிறது, நிகரமாக 3.4 லட்சம் நஷ்டம். டாலரில் சொத்து இருப்பதால் ரூபாய் சரிவு நமக்கு நல்லது என்று நினைத்திருப்பீர்கள். உண்மையில் 34 லட்சத்துக்கு நீங்கள் டாலர் கடன்காரர்.

இதைவிட முக்கியமானது, நஷ்டத்தை எதோடு ஒப்பிடுவது என்பது. இன்று ஃபீஸைக் கழித்தால் உங்களிடம் மிஞ்சுவது 46 லட்சம். மூன்று அதிர்ச்சியும் சேர்ந்து வந்தால் சொத்து 76.24 லட்சம், ஃபீஸ் 59.4 லட்சம், மிச்சம் 16.84 லட்சம். போர்ட்ஃபோலியோ 24% விழுந்ததாகத் திரையில் தெரியும். உங்கள் ஓய்வுக்காலத்துக்கு என்று நிற்கும் பணம் 63% கரைந்திருக்கும். இரண்டாவது எண்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது.

அடுத்து, மூன்றையும் ஒரே நேரத்தில் போடுவது நியாயமா, இந்த அளவுகள் போதுமா என்பது. இங்கேதான் உறுதியான தரையை விட்டு ஊகத்துக்குள் போகிறோம். டூரேஷன் கணக்கும் நாணயப் பெருக்கலும் கணிதம், அதில் கருத்து வேறுபாடு இல்லை. எந்த அதிர்ச்சி எதோடு சேர்ந்து வரும் என்பது வரலாற்றைப் பார்த்து எடுக்கும் முடிவு, வரலாறு அப்படியே திரும்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனாலும் இந்தியாவில் இரண்டு வகைச் சேர்க்கைகள் தெளிவாகத் தெரிகின்றன.

ஒன்று 2013. அந்த ஆண்டு மே 22 அன்று அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் தலைவர் பென் பெர்னாங்கி, பத்திரம் வாங்கும் திட்டத்தைக் குறைக்கலாம் என்று கோடி காட்டினார். வளரும் நாடுகளிலிருந்து பணம் வெளியேறத் தொடங்கியது. மே மாதத் தொடக்கத்தில் 54, 55 ரூபாய் அளவில் இருந்த டாலர் ஆகஸ்ட் 28 அன்று 68 ரூபாயைத் தாண்டியது, சுமார் 25% ஏற்றம். ரூபாயைக் காப்பாற்ற ரிசர்வ் வங்கி ஜூலை 15 இரவு வங்கிகளுக்கு அவசரத்துக்குக் கொடுக்கும் கடனான எம்.எஸ்.எஃப். வட்டியை 10.25 சதவீதமாக உயர்த்தி, பணப்புழக்கத்தையும் இறுக்கியது. பத்தாண்டு அரசுப் பத்திரத்தின் வட்டி 7.2% அருகிலிருந்து 9 சதவீதத்துக்கு மேல் போனது. நிஃப்டி 15% அளவுக்கு இறங்கியது. நாணயச் சரிவுதான் இங்கே வட்டி ஏற்றத்துக்குக் காரணம். அதனால் வட்டியையும் நாணயத்தையும் தொடர்பில்லாத இரண்டு விபத்துகளாக நினைக்கக் கூடாது.

இன்னொன்று 2008. நிஃப்டி ஜனவரி உச்சத்திலிருந்து அக்டோபருக்குள் சுமார் 60% விழுந்தது. டாலர் 39-லிருந்து 50-க்குப் போனது. ஆனால் வட்டி எதிர்த் திசையில் நடந்தது: ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை அக்டோபரில் இருந்த 9 சதவீதத்திலிருந்து 2009 ஜனவரிக்குள் 5.5 சதவீதத்துக்கு இறக்கியது, அரசுப் பத்திரங்கள் விலை ஏறின. 2020 மார்ச்சும் இந்த வகைதான்: நிஃப்டி ஜனவரி உச்சத்திலிருந்து 38% சரிவு, ரெப்போ குறைப்பு, டாலர் 71-லிருந்து 76. மூன்று நெருக்கடிகளிலும் பங்குச் சரிவோடு மாறாமல் சேர்ந்து வந்தது டாலர் ஏற்றம். இதற்கு அந்நிய முதலீட்டாளர்கள் பங்கை விற்று டாலராக எடுத்துப் போவது ஒரு முக்கியக் காரணம், அந்த வழி இன்றும் அப்படியேதான் இருக்கிறது. டாலர் 10% இறங்கும் அதே நேரத்தில் பங்கும் விழுந்தால் உங்கள் சொத்துக் கணக்கு இன்னும் மோசமாகத் தெரியும் (26.56 லட்சம் நஷ்டம்). இந்திய அனுபவத்தில் அது அரிது. தவிர உங்கள் ஃபீஸ் அப்போது குறையும் என்பதால் உங்களுக்கு அது பெரிய கவலையும் இல்லை.

இந்த இரண்டையும் உங்கள் ஷீட்டில் ஓட்டிப் பார்த்தேன். 2013 வகை: பங்கு −15%, வட்டி +2%, டாலர் +25%; அமெரிக்கச் சந்தை அந்த மாதங்களில் பெரிதாக அசையவில்லை என்பதால் எஸ்&பி ஃபண்டின் பீட்டாவை மட்டும் பூஜ்யமாக வைத்தேன். சொத்து 6.36 லட்சம்தான் குறைகிறது, 93.64 நிற்கிறது. பார்த்தால் பெரிய சேதம் இல்லை. ஆனால் ஃபீஸ் 67.5 லட்சம் ஆகிவிடுகிறது, மிச்சம் 26.14. நாற்பத்தாறிலிருந்து 43% வீழ்ச்சி. 2008 வகை: பங்கு −50% (அமெரிக்காவும் சேர்த்து), வட்டி −2%, டாலர் +25%. கில்ட் ஃபண்ட் 4.45 லட்சம் சம்பாதித்துக் கொடுத்தும் சொத்து 70.96 லட்சத்துக்கு வருகிறது. ஃபீஸ் போக மிஞ்சுவது 3.46 லட்சம். இந்த எண்ணைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் உங்கள் கேள்விக்கு நேர்மையான பதில் இதுதான்.

இது பயப்படுவதற்காக அல்ல, எந்த ஓட்டை பெரியது என்று காட்டுவதற்காக. பங்கு அதிகமாக இருப்பதும் டாலர் குறைவாக இருப்பதும் இங்கே ஒரே இடத்தில் சந்திக்கின்றன: இரண்டு வருடத்தில் டாலரில் கட்ட வேண்டிய பணம் ரூபாய்ப் பங்கிலும், டாலரில் இருப்பது அமெரிக்கப் பங்கிலும் நிற்கிறது. எஸ்&பி ஃபண்ட் நாணயத்தில் பொருந்துகிறது, காலத்தில் பொருந்தவில்லை. ஒரு மாற்றத்தைச் சோதித்துப் பார்க்கலாம். எஸ்&பி ஃபண்டின் 20 லட்சத்தையும் நிஃப்டியிலிருந்து 15 லட்சத்தையும் எடுத்து, 35 லட்சத்தைக் குறுகிய கால டாலர் பத்திரமாக வைத்தால் என்ன? நீங்கள் கொடுத்த மூன்று அதிர்ச்சியில் மிச்சம் 16.84-க்குப் பதில் 29.44. 2013 வகையில் 26.14-க்குப் பதில் 32.14. 2008 வகையில் 3.46-க்குப் பதில் 27.21. இன்னமும் வலிக்கும், ஆனால் எந்த நிலையிலும் படிப்பும் நிற்காது, கையும் காலியாகாது. மூன்றிலும் விடைகள் ஒன்றுக்கொன்று நெருங்கி வந்திருப்பதைக் கவனியுங்கள். எந்த நெருக்கடி வரும் என்று ஊகிக்க வேண்டிய தேவை குறைந்திருக்கிறது. பதிலுக்கு, சந்தை நன்றாக ஓடினால் அந்த 35 லட்சத்தில் பங்கு லாபம் கிடைக்காது; அந்த விலையை அறிந்தே கொடுக்க வேண்டும்.

35 லட்சம்தான் சரியான எண் என்று நான் சொல்லவில்லை. விற்கும்போது மூலதன ஆதாய வரி வரும். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவது எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஒருவருக்கு ஆண்டுக்கு 2.5 லட்சம் டாலர் வரம்புக்குள் இருக்க வேண்டும், டி.சி.எஸ். என்ற வரிப் பிடித்தமும் உண்டு. இவற்றை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு, வரி போக என்ன நிற்கும் என்று பார்த்துவிட்டு அதே ஷீட்டில் மறுபடி ஓட்டுங்கள்.

இந்த முறை எதைக் காட்டாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இது எல்லாமே ஒரே நாளில் நடந்ததாக வைத்துக்கொள்ளும் கணக்கு. நிஜத்தில் கில்ட் ஃபண்ட் ஒரு வருடத்தில் வட்டியும் சம்பாதிக்கும், அதனால் 14% நஷ்டத்தில் பாதி ஒரு வருடத்தில் திரும்பிவிடலாம். ரூபாயும் திரும்பலாம், 2013 அக்டோபரில் டாலர் மறுபடி 61, 62-க்கு வந்துவிட்டது. ஆனால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இலையுதிர் பருவ ஃபீஸ் கட்டும் காலம் ஆகஸ்ட். 68-ல் கட்டியவருக்கு அக்டோபரின் 62 உதவவில்லை. அதனால் ஃபீஸ் வரியை ஒரே −54 ஆக வைக்காமல், நான்கு பருவமாகப் பிரித்துத் தேதியோடு எழுதினால் இன்னும் தெளிவாகும்: முதல் வருடத்துப் பணத்துக்கு எந்த அதிர்ச்சியையும் தாங்கும் இடம் வேண்டும், கடைசிப் பருவத்துப் பணம் கொஞ்சம் பொறுக்கும்.

நிஃப்டிக்குள்ளேயே டாலரில் சம்பாதிக்கும் ஐ.டி. கம்பெனிகள் இருக்கின்றனவே, அதற்கு F-இல் ஏதாவது போட வேண்டாமா என்று கேட்கலாம். நான் போட மாட்டேன். ரூபாய் சரிந்தால் அவர்களின் லாப விகிதத்துக்கு நல்லதுதான், ஆனால் அதே நெருக்கடியில் அமெரிக்க வாடிக்கையாளர்கள் செலவைக் குறைத்தால் அது அடிபட்டுப் போகும். நம்பிப் போடும்படி ஒரு நிலையான எண் கிடைக்காத இடத்தில் பூஜ்யமே பாதுகாப்பு.

கடைசியாக, இந்த மூன்று அதிர்ச்சிக்குள் அடங்காதது பணம் முடங்கும் ஆபத்து. 2020 ஏப்ரல் 23 அன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் இந்தியாவில் ஆறு கடன் ஃபண்டுகளை மூடியபோது, அவற்றின் டூரேஷனை வைத்து யார் கணக்குப் போட்டிருந்தாலும் சிறிய நஷ்டமே வந்திருக்கும். பிரச்சினை வட்டியில் இல்லை. தரம் குறைந்த பத்திரங்களை அன்று வாங்க ஆள் இல்லை, முதலீட்டாளர்கள் பணத்துக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். உங்கள் கில்ட் ஃபண்ட் அரசுப் பத்திரங்களில் இருப்பதால் இந்தக் கவலை குறைவு. லிக்விட் ஃபண்டின் ஃபாக்ட்ஷீட்டில் மட்டும் எந்தத் தரப் பத்திரம் எவ்வளவு என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். கில்ட் ஃபண்டின் டூரேஷனை மேலாளர் வட்டி பற்றிய தன் கணிப்புக்கேற்ப மாற்றிக்கொண்டே இருப்பார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை புது ஃபாக்ட்ஷீட் பார்த்து D நெடுவரிசையைத் திருத்துங்கள். ஒவ்வொரு பருவ ஃபீஸ் கட்டியதும் −54-ஐயும் குறைத்துக்கொள்ளுங்கள்.